ஆதிரையின் இரத்தப் பரிசோதனை முடிவும் சிகிச்சையும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

குழந்தை நல மருத்துவ நிலையம்
யாழ்ப்பாணம்
2025.07.07

அன்புள்ள ஆதிரையின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

சனிக்கிழமை எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. ஆதிரைக்கு இரும்புச்சத்துக் குறைவால் வந்த இலேசான இரத்தச்சோகை இருக்கிறது. ஆபத்தான நிலை இல்லை. இரத்தம் ஏற்றவோ வாட்டில் மறிக்கவோ தேவையில்லை. வீட்டிலேயே வாயால் கொடுக்கும் மருந்தோடு மாறிவிடும். ஆனால் மூன்று மாதம் விடாமல் கொடுக்க வேண்டும். மருந்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கிளினிக்கில் நின்றபடி சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால்தான் எழுதித் தருகிறேன். பகலில் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா என்றபடியால் அவரிடமும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் அறிக்கையில் உள்ள இலக்கங்கள். ஈமோகுளோபின் 10.1. இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு 10.5க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்கிறோம், 9.5 வரை இலேசானது. இரும்பு உடம்பில் எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது ஃபெரிற்றின். அது 12க்குக் குறையக்கூடாது, ஆதிரைக்கு 7. காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருந்தால் ஃபெரிற்றின் பொய்யாக உயர்ந்து காட்டும், அதற்காகத்தான் சி.ஆர்.பி.யும் பார்த்தோம், அது சாதாரணம். ஆகவே 7 என்பதை நம்பலாம். செங்குருதிக் கலங்களின் பருமன் 66. இந்த வயதில் 70க்கு மேல் இருக்க வேண்டும். கலங்கள் சிறுத்து வெளிறிப் போயிருக்கின்றன. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் சுவடு உள்ள பிள்ளைகளிலும் கலங்கள் இப்படிச் சிறுக்கும். ஆனால் ஃபெரிற்றின் இவ்வளவு இறங்கியிருப்பது இரும்புக் குறைவையே காட்டுகிறது. மருந்துக்கு இரத்தம் ஏறாவிட்டால் மட்டும் தலசீமியாவுக்கான பரிசோதனை செய்வோம். இப்போது ஊசி குத்தி அழவைக்கத் தேவையில்லை.

முற்றத்து மண்ணை அள்ளி வாயில் போடுகிறாள், சுவரில் சுண்ணாம்பை நக்குகிறாள் என்று சொன்னீர்கள். அதற்காக அவளை ஏச வேண்டாம். இரும்பு குறைந்த பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவது உண்டு. இரும்பு ஏற ஏற அதுவும் அடங்கும். அதுவரை கை கழுவுவதில் கவனமாக இருங்கள். 18 மாதத்தில் பூச்சி மருந்து கொடுத்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. இப்போது திரும்பக் கொடுக்கத் தேவையில்லை.

காரணம் பெரும்பாலும் சூப்பிப் போத்தல்தான். நாளுக்கு 200 மில்லிலீற்றர்ப் போத்தல் ஐந்து என்றீர்கள். அது ஒரு லீற்றர் பால். பசும்பாலிலும் சாதாரணப் பால்மாவிலும் இரும்பு மிகக் குறைவு. அதோடு பாலில் உள்ள கல்சியம் மற்றச் சாப்பாட்டிலிருந்து வரும் இரும்பையும் உடம்பு உறிஞ்ச விடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து மணிக்கு ஒரு போத்தல் குடித்த பிள்ளைக்கு மத்தியானச் சோறு எப்படி இறங்கும்? மூன்று வாயோடு முகத்தைத் திருப்புகிறாள் என்றால் அது அடம் இல்லை, வயிறு நிரம்பியிருக்கிறது. பின்னேரம் அம்மம்மாவின் தேத்தண்ணியில் பிஸ்கற் தோய்த்துக் கொடுப்பதும் சேர்கிறது. தேயிலையில் உள்ள தனின் இரும்பைக் கட்டிப் பிடித்துவிடும். ஒரு சொட்டும் வேண்டாம், பால் சேர்த்தாலும் வேண்டாம். நிறை 10 கிலோ, வளர்ச்சிக் கோடு நன்றாகவே போகிறது. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தபடியால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதில் உங்கள் பிழை என்று எதையும் நான் சொல்லவில்லை.

இலேசானதுதானே, சாப்பாட்டால் சரிப்படுத்தலாமே என்று கேட்டீர்கள். சேமிப்பு வற்றிப்போன பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும் போதாது. ஒரு நாளைக்கு அவளுக்குத் தேவை 7 மில்லிகிராம் இரும்பு, அதிலும் உறிஞ்சப்படுவது கொஞ்சம்தான். வற்றிய கிணற்றை நிரப்ப அது காணாது. இந்த வயதில் மூளை வேகமாக வளர்கிறது, அதற்கும் இரும்பு வேண்டும். அதனால்தான் இலேசானது என்றாலும் விட்டுப் பார்க்க நான் சம்மதிக்கவில்லை.

மருந்து

துண்டில் எழுதியிருப்பது ஃபெரஸ் சல்பேற் சொட்டு மருந்து. போத்தலில் இரண்டு இலக்கம் இருக்கும்: 1 மில்லிலீற்றரில் ஃபெரஸ் சல்பேற் 75 மில்லிகிராம், அதில் இரும்பு 15 மில்லிகிராம். நமக்குக் கணக்கு இரண்டாவது. கிலோவுக்கு 3 மில்லிகிராம் படி ஆதிரைக்கு 30 மில்லிகிராம். ஆகவே 2 மில்லிலீற்றர், நாளுக்கு ஒரு தடவை. பாமசியில் இந்த மருந்து இல்லை, வேறு கம்பனியின் பாணி இருக்கிறது என்று தந்தால் அதில் இரும்பின் அளவு வேறாக இருக்கும். அப்படியானால் 2 மில்லிலீற்றர் என்ற கணக்குச் சரிவராது. வாங்கிய போத்தலை எனக்குக் காட்டாமல் கொடுக்கத் தொடங்க வேண்டாம்.

நேரம் காலை பத்தரை மணி. பத்து மணிப் போத்தலை நிறுத்தப் போகிறோம், அந்த இடத்தில் மருந்து வருகிறது. எட்டு மணிச் சாப்பாட்டுக்கும் பன்னிரண்டரைச் சோற்றுக்கும் நடுவில் வயிறு காலியாக இருக்கும்போது இரும்பு நன்றாக உள்ளே போகும். தேக்கரண்டியால் அளக்காதீர்கள், வீட்டுக் கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஊசியில்லாத 2 மில்லிலீற்றர்ச் சிறிஞ்சில் கோடு வரை இழுத்து, பிள்ளையை நிமிர்த்தி மடியில் இருத்தி, கன்னத்தின் உட்பக்கம், பின்பல்லையும் தாண்டி, மெதுமெதுவாக விடுங்கள். முன்பல்லில் பட்டால் பல் கறுக்கும். பிறகு இரண்டு கரண்டி தோடம்பழச் சாறு கொடுங்கள், கடைசியில் தண்ணீர். கறை படிந்தாலும் பயப்பட வேண்டாம், அது மேற்பூச்சுத்தான். பாலில் கலந்து கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. மருந்துக்குப் பின் ஒரு மணித்தியாலம் பால் இல்லை.

யாராவது ஒருவர்தான் கொடுக்க வேண்டும், அது அம்மம்மாவாக இருக்கட்டும். கொடுத்தவுடன் கலண்டரில் ஒரு புள்ளடி. அப்பா சனிக்கிழமை வீட்டில் நின்று தானும் ஒரு தடவை கொடுத்துவிட்டால் இரட்டிப்பாகிவிடும். ஒருநாள் மறந்தால் மறந்ததுதான். அடுத்த நாள் இரண்டாகக் கொடுக்க வேண்டாம். கொடுத்துக் கால் மணித்தியாலத்துக்குள் முழுவதையும் சத்தி எடுத்தால் ஒரு தடவை திருப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பிந்தி எடுத்தால் நாளைக்குப் பார்ப்போம்.

மலம் கரும்பச்சையாக அல்லது கறுப்பாகப் போகும். இது மருந்தின் நிறம். தார் போல ஒட்டி நாற்றமாகப் போனாலோ சிவப்பாக இரத்தம் கண்டாலோ மட்டும் உடனே கொண்டு வாருங்கள். மலச்சிக்கல் வந்தால் பப்பாப்பழமும் தண்ணீரும் கூட்டுங்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் நாளும் சத்தி எடுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு இருக்காமல் எனக்குச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு கொடுக்கலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். குடும்ப நல உத்தியோகத்தர் நுண்போசணைப் பொடிப் பக்கற் தந்திருந்தால், அதிலும் இரும்பு இருப்பதால் இந்த மூன்று மாதமும் அதை நிறுத்தி வையுங்கள், அவருக்கும் காரணத்தைச் சொல்லுங்கள்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்வது. 60 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 900 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பத்துக் கிலோப் பிள்ளை அதை முழுவதும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. இனிப்பாக இருப்பதால் குடிப்பாள். குளிர்சாதனப் பெட்டிக் கதவிலோ சாமித்தட்டிலோ வேண்டாம், பூட்டும் அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அம்மம்மா குடிக்கும் இரும்பு மாத்திரைகளும் அங்கேதான். தப்பித் தவறிக் குடித்துவிட்டால், பிள்ளை நன்றாக விளையாடினாலும் காத்திருக்க வேண்டாம். இரும்பு நஞ்சில் முதலில் சத்தி எடுத்து, பிறகு தெளிந்ததுபோல் இருந்து, பிறகு மோசமாகும். 1990 அம்புலன்சுக்கு அழைத்து, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

பாலும் சாப்பாடும்

நாளுக்கு 400 மில்லிலீற்றர் பால் போதும், காலையில் ஒரு கோப்பை, படுக்க முன் ஒரு கோப்பை. ஐந்திலிருந்து இரண்டுக்கு ஒரே நாளில் இறங்க வேண்டாம், வீடு முழுக்க நித்திரையில்லாமல் போகும். இந்தக் கிழமை பத்து மணிப் போத்தல். அது பழகியபின் பின்னேரப் போத்தல். கடைசியில் இரவு இரண்டு மணிப் போத்தல், அதுதான் கடினம். மூன்று நாளுக்கு ஒருக்கால் 30 மில்லிலீற்றர் குறைத்துக்கொண்டே வந்து, பிறகு கோப்பையில் தண்ணீர் மட்டும் காட்டுங்கள். முதல் சில இரவு அழுவாள். அந்த அழுகைக்கு மசிந்து ஒருநாள் பால் கொடுத்தால் அடுத்த நாள் இன்னும் நேரம் அழுவாள்.

இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு இலகுவாக உறிஞ்சப்படும். மத்தியானச் சோற்றில் முள் எடுத்த மீனோ பிசைந்த கோழியோ இரண்டு மேசைக்கரண்டி போதும். கிழமைக்கு ஒருநாள் ஆட்டீரலோ கோழியீரலோ இரண்டு மேசைக்கரண்டி. அதற்கு மேல் வேண்டாம், ஈரலில் விற்றமின் ஏ அதிகம். பருப்பு, பயறு, கௌப்பி, முருங்கையிலை, பொன்னாங்காணி ஆகியவற்றிலும் இரும்பு உண்டு, ஆனால் தனியே நன்றாக உறிஞ்சப்படாது, தேசிப்புளி வேண்டும். முருங்கையிலையைக் குழைய அவித்து மசித்து, அடுப்பால் இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் இரும்பை உறிஞ்ச உதவும் விற்றமின் சி சிதைந்துவிடும். சாப்பிட்ட கையோடு கொய்யாப்பழமோ பப்பாப்பழமோ கொடுக்கலாம். பயறை இரவு ஊறவைத்து முளை கண்டபின் அவித்தால் இன்னும் நல்லது. கடலையை முழுதாகக் கொடுக்காதீர்கள், புரைக்கேறும்.

பீற்றூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்பது பலருடைய நம்பிக்கை. அதில் இரும்பு குறைவு. பேரீச்சம்பழத்திலும் நினைப்பது போல இல்லை. கொடுங்கள், ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல.

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்குகிறது. 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை என்று சொன்னீர்கள். பிள்ளைக்கென்று தனியே சமைக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அந்த நாட்களில் பருப்பும் கீரையும் தேசிக்காயோடு இரண்டு நேரம் இருக்கட்டும், மருந்து ஒருநாளும் தவறாமல் இருக்கட்டும். விரத நாள் என்று மருந்தை விட வேண்டாம்.

அடுத்து

ஒரு கிழமை பத்து நாளில் பசி எடுக்கத் தொடங்கும், சிணுங்கல் குறையும். ஓகஸ்ட் 4, திங்கட்கிழமை வாருங்கள், ஈமோகுளோபின் மட்டும் பார்ப்போம். குறைந்தது 1 கூடி 11.1க்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் மருந்து சரியாக வேலை செய்கிறது. அப்போதும் நிறுத்தக்கூடாது. இரத்தம் முதலில் ஏறும், சேமிப்பு பிறகுதான் நிரம்பும். அதற்கு இன்னும் இரண்டு மாதம் வேண்டும். கன்னம் சிவந்துவிட்டது என்று ஒரு மாதத்தில் நிறுத்திய பிள்ளைகள்தான் அடுத்த வருடம் அதே இலக்கத்தோடு திரும்பி வருகிறார்கள். நிறை கூடியிருந்தால் அன்றைக்கு அளவையும் திருத்துவேன். ஒக்ரோபர் தொடக்கத்தில் ஃபெரிற்றினோடு சேர்த்துத் திரும்பப் பார்த்து, சரியென்றால் நிறுத்துவோம்.

அதற்கு முன்பே, மிகவும் வெளிறிப் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்ப எழுப்பச் சோர்ந்து கிடந்தாலோ திகதி பார்க்காமல் கொண்டு வாருங்கள்.

வரும்போது மருந்துப் போத்தல், சிறிஞ்சு, புள்ளடி போட்ட கலண்டர்த் தாள், பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு நான்கையும் எடுத்து வாருங்கள். முடிந்தால் அம்மம்மாவும் வரட்டும்.

அன்புடன்,
குழந்தை நல வைத்திய நிபுணர்