சரோஜா அம்மாவுக்கு: 13 ஜனவரி, செவ்வாய் காலை 7.30, சர்க்கரை செக்கப்

சனிக்கிழமை, 10 ஜனவரி 2026, மாலை 6 மணி

வணக்கம் சரோஜா அம்மா. கும்பகோணம் மகாமகக் குளம் வடகரை சர்க்கரை கிளினிக்கிலிருந்து எழுதுகிறோம். வரும் செவ்வாய்க்கிழமை, 13ஆம் தேதி, காலை 7.30 மணிக்கு உங்களுக்கு மூன்று மாத செக்கப். வெறும் வயிற்றில் வர வேண்டும்.

வருவதாக இருந்தால் 1 என்று பதில் அனுப்புங்கள்.
வேறு நாள் வேண்டும் என்றால் 2.
எங்களோடு பேச வேண்டும் என்றால் 3. நாங்களே கூப்பிடுகிறோம்.

மெசேஜ் போட்டுப் பழக்கமில்லையா, இந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும்.

நாள் மாற்றுவதற்குப் பணம் எதுவும் கிடையாது. திங்கட்கிழமை மதியம் 12 மணிக்குள் சொல்லிவிட்டால் உங்கள் நேரத்தை இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். பொங்கலுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இது கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் செய்தி. உங்கள் எண்ணுக்கும், நீங்கள் எழுதிக்கொடுத்த உங்கள் மகன் எண்ணுக்கும் வருகிறது. இரண்டு பேரில் யார் பதில் போட்டாலும் சரி.

1 அனுப்பினால் வரும் பதில்

நன்றி அம்மா. செவ்வாய் காலை 7.30 மணி உங்களுக்குத்தான். திங்கள் மாலை இன்னொரு செய்தி வரும். எப்போது சாப்பாட்டை நிறுத்த வேண்டும், என்னென்ன எடுத்து வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இடையில் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் 2 என்று அனுப்பலாம்.

2 அனுப்பினால் வரும் பதில்

சரி அம்மா, மாற்றிக்கொள்ளலாம். ஊருக்குப் போக வேண்டியிருக்கும், வீட்டில் விசேஷம் இருக்கும், கூட வர ஆள் இருக்காது. காரணம் எழுத வேண்டியதில்லை.

பொங்கலுக்காக 15, 16, 17 மூன்று நாளும் கிளினிக் விடுமுறை. 18 ஞாயிறு. அதனால் அடுத்த நேரங்கள் இவை. எது தோதோ அந்த எண்ணை மட்டும் அனுப்புங்கள்.

21: திங்கள், 19 ஜனவரி, காலை 7.30
22: செவ்வாய், 20 ஜனவரி, காலை 7.00
23: வியாழன், 22 ஜனவரி, காலை 7.30
24: புதன், 21 ஜனவரி. ரத்தம் காலையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், டாக்டர் அம்மாவை மாலை 6 மணிக்குப் பார்க்கலாம்.
20: இதில் எதுவும் ஒத்துவரவில்லை. சிஸ்டர் உங்களைக் கூப்பிடுவார்.

தள்ளிப்போடுவதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மாத்திரை டப்பாவைத் திறந்து, சர்க்கரை மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். போன தடவை 13ஆம் தேதி வரைக்கும் கணக்குப் போட்டுத்தான் எழுதிக்கொடுத்தோம். ஒரு வாரம் தள்ளினால் ஒரு வார மாத்திரை குறையும். செக்கப் ஒரு வாரம் தள்ளலாம், மாத்திரையை ஒரு நாள்கூட விட வேண்டாம். இருப்பது போதாது என்றால் தேதி எண்ணோடு மா என்று சேர்த்து அனுப்புங்கள், உதாரணத்துக்கு 22 மா. போகி அன்று, புதன் 14ஆம் தேதி, காலை 9 முதல் 1 மணி வரை கிளினிக் திறந்திருக்கும். பழைய சீட்டை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் டாக்டர் அம்மா நாள் நீட்டி எழுதித் தருவார். இன்சுலினும் அப்படியே. பேனாவில் எத்தனை யூனிட் மிச்சம் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

காலில் புண், கொப்புளம், வீக்கம் இருந்தாலோ, காய்ச்சலோ வாந்தியோ இருந்தாலோ நாள் மாற்ற வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் இல்லாமலேயே அன்றைக்கே வாருங்கள். சிறிய புண்தானே, வலிக்கவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து.

22 அனுப்பினால் வரும் பதில்

மாற்றியாயிற்று அம்மா. புதிய நாள்: செவ்வாய், 20 ஜனவரி, காலை 7.00 மணி. 13ஆம் தேதி வர வேண்டாம். 17ஆம் தேதி மாலையும் 19ஆம் தேதி மாலையும் இதேபோல நினைவூட்டுவோம். இதையும் மாற்ற வேண்டியிருந்தால் மறுபடியும் 2 போடுங்கள். எத்தனை தடவை மாற்றினாலும் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். சொல்லாமல் விட்டால்தான், என்ன ஆயிற்றோ என்று கவலையாக இருக்கிறது.

வேறு ஏதாவது அனுப்பினால் வரும் பதில்

மன்னிக்கவும், இந்தக் கம்ப்யூட்டருக்கு நாங்கள் சொன்ன பதில்கள் மட்டும்தான் புரியும். 1 என்றால் வருகிறேன். 2 என்றால் வேறு நாள். 3 என்றால் எங்களோடு பேச வேண்டும். நீங்கள் அனுப்பியது வாய்ஸ் மெசேஜாகவோ ரிப்போர்ட் படமாகவோ இருந்தால் அது பத்திரமாக இருக்கிறது. சிஸ்டர் காலை 9 மணிக்கு அதைக் கேட்டோ பார்த்தோவிட்டுக் கூப்பிடுவார். அவசரம் என்றால் காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள்.

திங்கட்கிழமை, 12 ஜனவரி, மாலை 5 மணி

சரோஜா அம்மா, நாளைக் காலை 7.30 மணிக்கு செக்கப்.

இன்று இரவு வழக்கம்போலச் சாப்பிடுங்கள். பரிசோதனை என்பதற்காகக் குறைக்க வேண்டாம், இரவுச் சாப்பாட்டை விட்டுவிடவும் வேண்டாம். இரவு இன்சுலின் டாக்டர் அம்மா எழுதிக்கொடுத்த அளவுதான். 10 மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். காலையில் காபி, டீ, சர்க்கரை போடாததாக இருந்தாலும் கூடாது. வெற்றிலை பாக்கும் வேண்டாம். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்துவிட்டு வந்தால் நரம்பு கிடைப்பதும் சுலபம்.

பிரஷர் மாத்திரையைக் காலையில் தண்ணீரோடு வழக்கம்போலப் போடுங்கள். சர்க்கரை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்து வாருங்கள். ரத்தம் எடுத்த பிறகு, டிபன் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம்.

டிபனை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். தினமும் நான்கு இட்லி என்றால் நாளைக்கும் நான்கு இட்லி, தொட்டுக்கொள்வதும் அதேதான். நாளைக்கு மட்டும் இரண்டாகக் குறைத்தால் ரிப்போர்ட் அழகாக வரும், ஆனால் மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விடும். முதல் வாய் வைத்த நேரத்தைச் சிஸ்டரிடம் சொல்லுங்கள். அதிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த ரத்தம். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து பலர் கணக்கு வைக்கிறார்கள், அப்படி வைத்தால் ரிசல்ட் மாறிவிடும். அந்த இரண்டு மணி நேரமும் கிளினிக்கிலேயே உட்கார்ந்திருக்கலாம். கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வர வேண்டாம், நடந்தால் சர்க்கரை இறங்கும். பொங்கல் சாமான்களை டாக்டர் அம்மாவைப் பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்குள் கிளம்பிவிடலாம்.

எடுத்து வர வேண்டியவை: பழைய சீட்டும் ரிப்போர்ட்டும், இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகளும் (முட்டிவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்து உட்பட), இன்சுலின் பேனா, வீட்டில் குத்திப் பார்த்து எழுதிய நோட்டு. தினமும் போடும் செருப்பையே போட்டு வாருங்கள். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்போம், செருப்பு எங்கே உரசுகிறது என்றும் பார்ப்போம். வலிக்காது.

தவறிப்போய்க் காலையில் காபி குடித்துவிட்டீர்களா? பயப்படாமல் வாருங்கள், சிஸ்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. பிரஷர், கால், எடை எல்லாம் பார்த்துவிடலாம். வெறும் வயிற்று ரத்தத்தை மட்டும் இன்னொரு நாள் கொடுத்தால் போதும்.

வர முடியாது என்றால் இப்போதும் 2 போடலாம்.

செவ்வாய்க்கிழமை, 13 ஜனவரி, காலை 6 மணி

காலை வணக்கம் அம்மா. 7.30 மணிக்குக் காத்திருக்கிறோம். மகாமகக் குளம் வடகரை, மருந்துக்கடைக்கு அடுத்த கட்டடம், தரைத்தளம். படி ஏற வேண்டியதில்லை. ஆட்டோவை வாசல்வரை கொண்டுவரச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் இருக்கும்போது வியர்த்துக்கொட்டினாலோ, கை நடுங்கினாலோ, படபடப்பாக இருந்தாலோ, தலை சுற்றினாலோ பரிசோதனையை மறந்துவிடுங்கள். அது சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். மெஷின் இருந்தால் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் நிச்சயம் தாழ்சர்க்கரை. மெஷினைத் தேடுவதற்காகத் தாமதிக்க வேண்டாம், முதலில் சர்க்கரைத் தண்ணீர். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை குடியுங்கள். சரியானதும் டிபன் சாப்பிட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். ரத்தப் பரிசோதனையை அடுத்த வாரம்கூடச் செய்துகொள்ளலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: அம்மா மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்கு அழையுங்கள்.

வரத் தாமதமானால் 5 என்று அனுப்புங்கள். 8.15 வரை ரத்தம் எடுக்கச் சிஸ்டர் இருப்பார்.

அன்று வராமல் போனால், காலை 11 மணிக்கு வரும் செய்தி

சரோஜா அம்மா, இன்று உங்களைக் காணவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? நன்றாக இருந்தால் 1 என்று மட்டும் அனுப்புங்கள். மாலை 4 மணிவரை பதில் வரவில்லை என்றால் சிஸ்டர் உங்களையும், அப்புறம் உங்கள் மகனையும் கூப்பிட்டுப் பார்ப்பார்.

வேறு நாளுக்கு 2 போடுங்கள். 19ஆம் தேதியிலிருந்து நேரம் இருக்கிறது. இன்றைய நாளுக்குப் பணம் எதுவும் கேட்க மாட்டோம். மாத்திரை தீரும் நிலையில் இருந்தால் நாளை, போகி அன்று, மதியம் 1 மணிக்குள் பழைய சீட்டைக் கொடுத்தனுப்புங்கள். அதன்பிறகு 19ஆம் தேதி காலைதான் கிளினிக் திறக்கும்.