வரவு செலவுத் திட்டம்: 2025 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 23 வரை
(சாட்ஸ்வொர்த் வீடு, எல்லாத் தொகையும் ரேண்டில்)

வரவு

உங்கள் சம்பளம், பிடித்தம் போக: 17,800
என் சம்பளம்: 8,600
மொத்தம்: 26,400

அத்தையின் முதியோர் உதவித்தொகை இதில் இல்லை. அது அவர் பணம், கணக்குக்குள் கொண்டுவரவே வேண்டாம். உங்கள் ஓவர்டைமும் இல்லை. கைக்கு வந்தபின் எழுதலாம்.

முதலில் கடன்: 6,000

சம்பளம் விழுகிற 25-ஆம் தேதியே இது போய்விடும். வாடகைகூட இதற்கு அடுத்துதான்.

| கடன் | பாக்கி | ஆண்டு வட்டி | இந்த மாதம் கட்டுவது |
|---|---|---|---|
| துணிக்கடைக் கணக்கு | 4,150 | 21% | 3,155 |
| கிரெடிட் கார்டு | 21,300 | 21% | 1,065 |
| தனிநபர் கடன் | 38,500 | 24.5% | 1,780 |

மூன்றுக்கும் சேர்த்துக் குறைந்தபட்சத் தவணை 3,265. மிஞ்சும் 2,735-ஐ முழுக்கத் துணிக்கடைக் கணக்கில் போடுகிறோம். வட்டி அதிகமுள்ள தனிநபர் கடனை முதலில் அடைக்கலாமே என்று கேட்பீர்கள். கடைக் கணக்கில் வட்டி மாதம் 73 ரேண்டு, அதோடு சேவைக் கட்டணம் 69. ஆக 142. பாக்கி 4,150 என்று வைத்துப் பார்த்தால் அது ஆண்டுக்கு 41 சதவீதத்தைத் தொடுகிறது. பாக்கி குறைந்தாலும் அந்த 69 குறையாது. கணக்கை மூடினால்தான் நிற்கும்.

கார்டு அலமாரியில் இருக்கட்டும். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 7%. சட்டப்படி கார்டுக்கு அதோடு 14, அடமானமில்லாத கடனுக்கு 21 சேர்த்து வாங்கலாம். அதாவது 28% வரை. "எல்லாக் கடனையும் ஒன்றாக்கித் தருகிறோம்" என்று யாராவது போன் செய்தால் வட்டியைக் கேளுங்கள், 24.5-க்கு மேல் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

மீதி 20,400: ஒவ்வொரு ரேண்டுக்கும் ஒரு வேலை

| செலவு | தொகை | மீதி |
|---|---|---|
| வாடகை | 7,200 | 13,200 |
| பிரீபெய்டு மின்சாரம் | 1,400 | 11,800 |
| தண்ணீர் | 650 | 11,150 |
| உங்கள் பெட்ரோல் | 1,900 | 9,250 |
| என் டாக்சி (20 நாள், நாளுக்கு 38) | 760 | 8,490 |
| பிள்ளைகளின் பள்ளி வேன் | 900 | 7,590 |
| மளிகை | 3,900 | 3,690 |
| காய்கறி (4 வாரம், வாரம் 220) | 880 | 2,810 |
| இறைச்சி, மீன் | 300 | 2,510 |
| தீபாவளி | 850 | 1,660 |
| போன், டேட்டா | 350 | 1,310 |
| இறுதிச்சடங்கு பாலிசி | 240 | 1,070 |
| பள்ளிச் சில்லறைச் செலவு | 300 | 770 |
| கோயில் | 150 | 620 |
| கைச்செலவு (ஆளுக்கு 150) | 300 | 320 |
| அவசரத்துக்கு | 320 | 0 |

புரட்டாசி அக்டோபர் 17 வரை இருக்கிறது. அதனால் வழக்கமான 900 ரேண்டு இறைச்சிச் செலவு இம்முறை 300 ஆகிறது. மிச்சமான 600-உம் தீபாவளிக்குப் போகிறது. அதற்கு மேல் நாம் கூட்டியது 250 மட்டும். பண்டிகை 20-ஆம் தேதி, திங்கள்கிழமை. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உடுப்பு 500, பலகாரச் சாமான் 250, மத்தாப்பு 100. உடுப்பைக் கணக்கு வைத்திருக்கும் துணிக்கடையில் வாங்கக் கூடாது, ரொக்கத்துக்குத்தான். பலகாரம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து வாங்குகிற அளவுக்குப் போதும். அத்தை முறுக்கு சுடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதனால் கடைப் பெட்டி வேண்டாம்.

காய்கறிக்கு பங்களாதேஷ் மார்க்கெட்தான், சனிக்கிழமை. 220-ஐ நோட்டாக எடுத்துப் போங்கள். கார்டில் தேய்த்தால் தொகை தெரியாமல் ஏறிவிடுகிறது. வெண்டைக்காய், கத்திரிக்காய், கீரை, கறிவேப்பிலை முதலில். பழம் மிஞ்சின காசுக்கு.

மின்சார டோக்கனை ஒரேயடியாக வாங்க வேண்டாம். வாரம் 350 போட்டால் எந்த வாரம் கீசர் அதிகம் ஓடியது என்று மீட்டரே சொல்லிவிடும்.

இடையில் மாற்ற வேண்டி வந்தால்

ஒரு வரியில் கூடினால் இன்னொரு வரியில் அதே தொகையைக் குறைத்து, இந்தத் தாளிலேயே எழுத வேண்டும். குறைக்கும் வரிசை: முதலில் கைச்செலவு, பிறகு தீபாவளி மத்தாப்பு, அப்புறம் மளிகை. 6,000-இல் கை வைக்கக் கூடாது. கார் டயர் வெடித்தால் அவசரத்துக்கான 320 காணாது, தெரியும். அப்போது உங்கள் அண்ணனிடம் கைமாற்று கேட்போம்; அதுவும் அடுத்த மாதக் கடன் பட்டியலில் ஏறும்.

அக்டோபர் 25 சனிக்கிழமை என்பதால் சம்பளம் 24-ஆம் தேதியே வரும். டெபிட் ஆர்டர் தேதிகளை வங்கியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பணமில்லாமல் திரும்பினால் அதற்கும் ஒரு கட்டணம் போடுவார்கள்.

அடுத்த மாதம்

துணிக்கடைக் கணக்கில் வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 1,137 நிற்கும். அதைக் கட்டி, கணக்கை மூடியதற்கு எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதே 3,155-இல் மீதி 2,018 தனிநபர் கடனுக்கு, வழக்கமான 1,780-க்கு மேல்.