தோசை மாவை யாருக்கு விற்பது? சந்தைப் பிரிப்பு அடிப்படைகளும் காரணங்களும்

சந்தைப்படுத்தல் பாடம், ஒப்படைப்பு 2
வினா: ஒரு நுகர்பொருளைத் தேர்ந்தெடுத்து, அதன் சந்தையைப் பிரிக்க ஏற்ற அடிப்படைகளைக் காரணத்துடன் நிறுவுக.

நான் எடுத்துக்கொண்ட பொருள், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு குடும்பம் அரைத்து விற்கும் ஒரு கிலோ தோசை மாவுப் பொட்டலம். குளிர்பெட்டியில் வைத்தாலும் மெல்லப் புளித்துக்கொண்டேயிருக்கும் பொருள் இது. இன்று யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் அரைத்தால் நாலாம் நாள் கொட்ட வேண்டியதுதான். அதனால் இதை யார் வாங்குகிறார் என்பதைக் காட்டிலும் எப்போது, எதற்காக வாங்குகிறார் என்பதே பெரிய கேள்வி. வாங்கும் தறுவாயை முதல் அடிப்படையாகவும், நாடும் பயனை இரண்டாவதாகவும் கொள்கிறேன். இரண்டும் நடத்தை சார்ந்தவை.

எவருக்கும் முதலில் தோன்றும் விடை ‘தமிழர் வீடுகள்’ என்பது. எனக்கும் அதுதான் தோன்றியது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்தவர்களின் வழிவந்த குடும்பங்களில் இன்று பெரும்பாலும் ஆங்கிலமே வீட்டு மொழி. பாட்டி தமிழ் பேசியதும் பேத்தி தோசை சுடுவதும் ஒன்றோடொன்று கட்டுண்டவை அல்ல. தெலுங்கர் வீட்டிலும் குஜராத்தியர் வீட்டிலும் தோசைக்கல் உண்டு. குடும்பப் பெயரை வைத்துப் பிரித்தால் வாங்குபவர்களை விட்டுவிடுவோம், வாங்காதவர்களைத் துரத்துவோம்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் மக்களை இனவாரியாகக் குடியேற்றிய நாடு இது. சாட்ஸ்வொர்த்தே அப்படி உருவான ஊர். ஆகவே இங்கே ‘பகுதி’ என்று எழுதும்போதே இனம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. இனத்தையும் சமய நம்பிக்கையையும் பற்றிய தகவலைத் தனித்த பாதுகாப்புக்குரியதாக வைக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் (போபியா) இருக்கிறது. ஒப்புதல் போன்ற தக்க காரணம் இல்லாமல் வாடிக்கையாளரின் சமயத்தைப் பட்டியலிட்டு வைப்பது முறையல்ல, எனக்கு மனமும் ஒப்பவில்லை. இடத்தை ஒரே ஒரு காரியத்துக்குப் பயன்படுத்துவேன்: குளிர்வண்டி மாவு புளிக்கும் முன் போய்ச் சேரும் தூரத்தை அளக்க.

வருமானத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அது பொட்டலத்தின் அளவை மாற்றலாம். ஆனால் ஒருவர் அரைப்பதா வாங்குவதா என்று முடிவெடுக்கும் காரணம் அதில் தெரியவில்லை.

இனி தறுவாய். புரட்டாசி வந்தால் இங்கே பல வீடுகளில் மாதம் முழுக்க மீனும் இறைச்சியும் இல்லை. சனிக்கிழமை பெருமாளுக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். நான் பேசிய ஓர் அக்கா, “மத்த மாசம் ஒரு பாக்கெட் போதும், புரட்டாசியில வாரம் மூணு வேணும், என்ன சமைக்கிறதுன்னே தெரியாது” என்றார். இன்னொரு வீட்டில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு விரதம் இல்லை, ஞாயிறு காலையில் மட்டும் தோசை. முதல் வீடு வேண்டுவது சைவம் என்ற உறுதியும் மாதம் முழுக்கத் தட்டுப்பாடில்லாத வரவும். இரண்டாவது வீடு வேண்டுவது சனிக்கிழமை ஊறவைத்து அரைக்கும் சிரமத்திலிருந்து விடுதலை. இருவரும் ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே வருமானத்தில் வாழ்பவர்கள். மக்கள்தொகை அட்டவணையில் இவர்களைப் பிரிக்கவே முடியாது.

1968இல் சந்தை ஆய்வாளர் ரஸ்ஸல் ஹேலி முன்வைத்த பயன்சார் பிரிப்பின் வலிமை இதுதான். வாங்குபவரை வருணிப்பதோடு நில்லாமல், வாங்கும் காரணத்தையே அது பிடிக்கிறது.

ஆனால் அளக்க முடியாத பிரிவால் பயன் இல்லை. விரதம் இருப்பவரை எப்படி எண்ணுவது? ஆளை எண்ணவே வேண்டாம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை வாரவாரியாக எத்தனை பொட்டலம் போகிறது என்று கடையின் கல்லாக் கணக்கு காட்டும். ஞாயிறு தோசைக்கான சனிக்கிழமை மாலை விற்பனையும் அதில் தனியே தெரியும். எவருடைய சமயத்தையும் கேட்காமலே பிரிவின் அளவு கிடைத்துவிடுகிறது. சென்றடைவதும் எளிது: விரத மாதத்துக்கு முந்தைய வாரம் காய்கறி, வாழையிலை விற்கும் கடைகளில் முன்பதிவு அட்டை, ஞாயிறு கூட்டத்துக்கு வெள்ளி மாலை அலைபேசிச் செய்தி.

இத்தேர்வில் ஒரு குறை உண்டு. இரு பிரிவுகளும் சில வீடுகளில் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஞாயிறு வாங்குபவரே புரட்டாசியில் விரதமும் இருக்கலாம். ஆட்களைப் பிரித்திருந்தால் இது பிழையாகும். நான் பிரிப்பது தறுவாய்களை என்பதால், அதே வீட்டுக்கு இரு வேளைகளில் இரு விதமாகப் பேசலாம். ஆனால் புரட்டாசிக் கணக்கில் ஞாயிறு தோசைக்கான விற்பனையைக் கழித்துவிட்டே விரதப் பிரிவின் அளவைச் சொல்ல வேண்டும். இல்லையேல் நவம்பரிலும் அதே அளவு அரைத்துக் கொட்ட நேரிடும்.