பதினொரு மாத நகைச் சேமிப்புத் திட்டம்: கட்டுவது எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு

கோபிசெட்டிபாளையம் கடைவீதியில் உள்ள எங்கள் நகைக்கடையில், காதுகுத்துக்கும் கல்யாணச் சீருக்கும் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்க விரும்பும் குடும்பங்களுக்காகத் தை முதல் நாளன்று புதிய சேமிப்புத் திட்டம் தொடங்குகிறது. பால் பணமோ, பட்டுக்கூடு விற்ற பணமோ, பனியன் கம்பெனிச் சம்பளமோ, உழைத்துச் சேர்த்த காசு என்பதால், சேருவதற்கு முன்பே கணக்கை முழுமையாகச் சொல்லிவிடுகிறோம்.

மாதத் தவணையாக 500, 1,000, 2,000, 5,000 ரூபாய் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் பதினொரு தவணைகள் கட்ட வேண்டும். எல்லாத் தவணைகளையும் தவறாமல் கட்டியவர்களுக்கு, ஒரு மாதத் தவணையில் முக்கால் பங்கை நாங்கள் போனஸாகச் சேர்ப்போம். மாதம் 2,000 ரூபாய் கட்டுபவர் மொத்தம் கட்டுவது 22,000 ரூபாய், எங்கள் போனஸ் 1,500 ரூபாய். ஆக 23,500 ரூபாய்க்கு நகை வாங்கலாம். இந்த போனஸ் வட்டி அல்ல, நகை வாங்கும்போது பில்லில் கழிக்கப்படும் தள்ளுபடி மட்டுமே. ரொக்கமாகவோ தங்கக் காசாகவோ தர இயலாது.

முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். நீங்கள் கட்டுவது பணமாகவே வரவு வைக்கப்படுகிறது, கிராமாக அல்ல. நகை வாங்கும் நாளின் விலையே கணக்கு என்பதால், இடையில் தங்கம் ஏறினால் அதே பணத்துக்கு எடை குறையும், இறங்கினால் கூடும். சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜி.எஸ்.டி. ஆகியவை உண்டு, "சேதாரமே இல்லை" என்று சொல்லி வேறிடத்தில் அதை ஏற்றுவது எங்கள் வழக்கமல்ல. கணக்குக்காக ஒரு கிராம் 10,000 ரூபாய், சேதாரமும் செய்கூலியும் சேர்த்து 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 23,500 ரூபாய்க்கு இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூடுதலான நகையே வரும். நகைகள் அனைத்தும் 916 ஹால்மார்க் முத்திரையும் ஆறிலக்க எச்.யு.ஐ.டி. எண்ணும் கொண்டவை.

ஒரு தவணை தாமதமானாலும் கணக்கு தொடரும், ஆனால் போனஸ் கிடையாது. இடையில் நிறுத்த நேர்ந்தால் கட்டிய தொகை முழுவதும், பிடித்தம் எதுவுமின்றி, உங்கள் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பப்படும். கடைசித் தவணை கட்டி ஒரு மாதம் கழித்து, முதல் தவணை கட்டிய நாளிலிருந்து 365 நாட்களுக்குள் நகை வாங்கிவிட வேண்டும். அதற்குள் வராதவர்களுக்கும் போனஸ் இன்றிப் பணம் திருப்பப்படும். இது வங்கி வைப்பு அல்ல, எனவே வைப்புக் காப்பீடு இதற்குப் பொருந்தாது என்பதையும் அறிந்து சேருங்கள்.

சேர வருபவர்கள் ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தக நகல், வாரிசுதாரர் பெயர் ஆகியவற்றுடன் வரவும். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேட்டு வாங்கி, பாஸ்புத்தகத்தில் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டே கடையை விட்டுக் கிளம்புங்கள்.