சுங்குடிச் சேலை நேரலை விற்பனை: வெள்ளி மாலை 7 மணி

தொடக்கம், 7.00: "அனைவருக்கும் வணக்கம். இன்று மதுரைச் சுங்குடிப் பருத்திச் சேலைகள் 24 மட்டுமே இருக்கின்றன. பிடித்த சேலையின் எண்ணைக் கருத்துப் பகுதியில் முதலில் இடுபவருக்கே அது ஒதுக்கப்படும்."

முதல் சுற்று, 7.10: மெழுகு அச்சுச் சேலைகள் 16, ஒவ்வொன்றும் 850 ரூபாய். உடல், முந்தானை, கரை என்ற வரிசையில் காட்டி, ரவிக்கைத் துணி இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

நினைவூட்டல், 7.35: "எண் கிடைத்தவர்கள் 30 நிமிடத்திற்குள் பணம் செலுத்திவிடுங்கள், தவறினால் சேலை அடுத்தவருக்குச் செல்லும். விளக்கொளியில் நிறம் சற்று மாறித் தெரியலாம் என்பதால், ஐயமிருந்தால் பகலில் எடுத்த படத்தைக் கேளுங்கள்."

இரண்டாம் சுற்று, 7.40: கைமுடிச்சுச் சேலைகள் 8, விலை 2,400 ரூபாய். இங்கே அவசரம் கூடாது. முடிச்சு அவிழ்க்காத துணியை முதலில் காட்டிவிட்டுப் பேசவும்: "துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிய பிறகே சாயத்தில் முக்குகிறார்கள்; கட்டிய இடத்தில் சாயம் ஏறாததால்தான் இந்தப் புள்ளிகள் பிறக்கின்றன. ஒரு புள்ளி மற்றொன்றைப் போல இராது. அது குறையன்று, கைவேலையின் அடையாளம். முதல் சில முறை தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள்."

நிறைவு, 8.15: "விற்காத எண்களை இப்போது மீண்டும் காட்டுகிறேன். பொதிகள் திங்களன்று அஞ்சலில் புறப்படும். பிரிக்கும்போது காணொளி எடுத்து வைத்தால், சேதமிருப்பின் மாற்றித் தருவோம். நன்றி, வணக்கம்."