வேகக் கட்டுப்பாடும் வெப்ப இயக்கவியல் கட்டுப்பாடும்: பியூட்டாடையீன் வழியே ஒரு விளக்கம்

ஒரே வினைப்பொருள்களிலிருந்து இரண்டு விளைபொருள்கள் வரக்கூடும் என்றால், எது அதிகம் கிடைக்கும்? விளைபொருள் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பதுதான் அதை முடிவு செய்கிறது. வழி இல்லையென்றால் வேகமாக உருவாவது, அதாவது கிளர்வு ஆற்றல் குறைந்த பாதையில் வருவது, முந்திக்கொள்ளும். இது வேகக் கட்டுப்பாடு. வினை மீளக்கூடியதாக இருந்து சமநிலையை எட்டினால் நிலைப்புத்தன்மை கூடியது மிஞ்சும். இது வெப்ப இயக்கவியல் கட்டுப்பாடு.

1,3-பியூட்டாடையீனுடன் HBr சேர்வதை எடுத்துக்கொள்வோம். முதலில் புரோட்டான் முனைக் கார்பனில் சேர்ந்து அல்லைல் நேர்மின் அயனியைத் தருகிறது:

CH₃–CH⁺–CH=CH₂ ↔ CH₃–CH=CH–CH₂⁺

இரண்டு விளைபொருள்களுக்கும் இந்த அயனிதான் பொது. புரோமைடு 2-ஆம் கார்பனைத் தாக்கினால் 3-புரோமோபியூட்-1-ஈன் (1,2-சேர்க்கை), 4-ஆம் கார்பனைத் தாக்கினால் 1-புரோமோபியூட்-2-ஈன் (1,4-சேர்க்கை).

−80 °C-இல் 1,2-விளைபொருள் சுமார் 80%, 1,4-விளைபொருள் சுமார் 20%. 40 °C-இல் இந்த விகிதம் அப்படியே தலைகீழாகிறது. 2-ஆம் கார்பன் ஈரிணைய கார்பன் என்பதால் நேர்மின் சுமை அங்கே அதிகம். அப்புறம், புரோட்டானைக் கொடுத்த புரோமைடும் அந்தக் கார்பனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதனால் 1,2-பாதை வேகமானது. 1,4-விளைபொருளிலோ இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் கார்பன் தொகுதிகள் இருப்பதால் அது நிலையானது.

சான்று: தனியாகப் பிரித்த 1,2-விளைபொருளை HBr முன்னிலையில் 40 °C-இல் வைத்தாலும் அதே 20:80 கலவைதான் வருகிறது. C–Br பிணைப்பு உடைந்து, அதே அல்லைல் அயனி மீண்டும் தோன்றி, மெல்ல மெல்ல 1,4-பக்கம் சேர்கிறது.

இனி கணக்கு. 40 °C (313 K)-இல் K = 80/20 = 4.

ΔG° = −RT ln K = −8.314 × 313 × 1.386 ≈ −3.6 கிலோஜூல்/மோல்

−80 °C (193 K)-இல் வேகங்களின் விகிதம் 4. எனவே இரு பாதைகளின் கிளர்வு ஆற்றல் வேறுபாடு 8.314 × 193 × 1.386 ≈ 2.2 கிலோஜூல்/மோல். இவ்வளவு சிறிய வேறுபாடுதான் 80:20 விகிதத்தைத் தருகிறது.

“குளிரில் 1,2-விளைபொருள் நிலையானது” என்று எழுதுவது தவறு. ΔG° மாறாது என்று கொண்டால், 193 K-இல் K ≈ 9.4, அதாவது சமநிலை வந்திருந்தால் 1,4-விளைபொருள் சுமார் 90% இருந்திருக்கும். குளிரில் C–Br பிணைப்பு உடையப் போதிய ஆற்றல் இல்லாததால், உருவான 1,2-விளைபொருள் அப்படியே சிக்கிக்கொள்கிறது.

நாப்தலீனைச் சல்போனேற்றம் செய்யும்போதும் இதே கதைதான். 80 °C-இல் 1-சல்போனிக் அமிலம் முதன்மை. 160 °C-இல், 8-ஆம் இட ஹைட்ரஜனின் நெருக்கடி இல்லாத 2-சல்போனிக் அமிலம்.