ரேடியோ நெட்வொர்க் பொறியாளர் பணிக்கான விண்ணப்பக் கடிதம்

ஆனைமலை,
12 ஜூன் 2025

அனுப்புநர்
ச. நந்தினி, பி.இ.,
ஆனைமலை, கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
மனிதவள மேலாளர் அவர்கள்,
கோவை மண்டல அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: ரேடியோ நெட்வொர்க் பொறியாளர் (புதியவர்) பணியிடத்துக்கு விண்ணப்பித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கோவை மண்டலத்தில் டிரைவ் டெஸ்ட், ஆப்டிமைசேஷன் வேலைகளுக்குப் புதிய பட்டதாரிகள் தேவை என்ற தங்கள் அறிவிப்பைப் பார்த்து இக்கடிதத்தை எழுதுகிறேன். தமிழிலும் எழுதலாம் என்று அதில் குறிப்பிட்டிருந்தது வசதியாகப் போயிற்று. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல் படித்து, கடந்த மாதம் இறுதித் தேர்வு எழுதி முடித்தேன். சராசரி மதிப்பெண் 7.4. மற்ற விவரங்கள் தன்விவரக் குறிப்பில் உள்ளன. அதில் இல்லாத ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நான்கு வருடமும் வீட்டிலிருந்து பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போய்வந்தேன். சாயங்காலம் பொள்ளாச்சியில் பஸ் மாறி ஏறியதும் அம்மா கூப்பிடுவார். அம்பராம்பாளையம் ஆற்றுப்பாலத்தை நெருங்கும்போது பேச்சு அறுந்துவிடும். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, வாரத்தில் நான்கு நாளாவது. அம்மா அதற்குப் பழகிப்போய், "பாலம் வந்திருச்சா, சரி வை" என்று அவரே வைத்துவிடுவார். கஸ்டமர் கேருக்கு எழுதினேன். தங்கள் பகுதியில் சிக்னல் நன்றாக உள்ளது என்று பதில் வந்தது. எந்த நிறுவனத்தின் சிம் என்பது இங்கே தேவையில்லை. அந்தப் பதிலும் பொய்யில்லை, சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஏன் அறுகிறது என்ற கேள்வியையே இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துக்கொண்டேன்.

கருவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு ஆண்ட்ராய்டு போன், அதில் G-NetTrack செயலி, பேசிக்கொண்டே இருக்க வீட்டில் இன்னொரு போன். மொத்தம் 29 பயணங்களைப் பதிவு செய்தேன். முதல் ஆறை அப்படியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. போனைப் பைக்குள் வைத்திருந்தேன். பஸ்ஸின் தகரம், கூட்டம், பை எல்லாம் சேர்ந்து அளவையே கெடுத்துவிட்டன. அதன்பிறகு இடதுபக்க ஜன்னல் சீட், ஒரே உயரம் என்று வைத்துக்கொண்டேன். சீட் கிடைக்காத நாளில் பதிவு இல்லை.

மிச்சமிருந்த 23 பயணங்களில் 17 முறை அழைப்பு அறுந்தது. பதினேழும் ஏறக்குறைய 300 மீட்டர் நீளத்துக்குள். அறுவதற்கு முந்தைய நொடிகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். போன் PCI 214 என்ற செல்லில் இருக்கும், RSRP மைனஸ் 101-இலிருந்து மைனஸ் 112 டிபிஎம்முக்கு இறங்கிக்கொண்டே போகும். அதே நேரத்தில் பக்கத்து செல்லான PCI 87 மைனஸ் 94-இல் தெரிகிறது. கடைசியில் 18 டெசிபெல் வித்தியாசம். ஹேண்டோவருக்கு வழக்கமாக இரண்டு மூன்று டெசிபெல் போதும். இங்கே சுமார் பதினோரு நொடி கடந்தும் மாறவில்லை. பிறகு தொடர்பு விழுந்து, போன் தானாக 87-ஐப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் 900 மெகாஹெர்ட்ஸில் ஒரே அலைவரிசையில் இயங்கும் செல்கள்தான்.

விடையின் பாதியைக் கொடுத்தது TA. என் போனில் அந்த எண் தெரிந்தது என் அதிர்ஷ்டம், பல போன்களில் தெரிவதில்லை. 214-இல் இருக்கும்போது அது 62 என்று காட்டியது. எல்டிஇ-யில் ஒரு எண்ணுக்குச் சுமார் 78 மீட்டர். ஆக டவர் 4.8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. 87-க்கு மாறியதும் TA வெறும் 8, அதாவது அறுநூறு மீட்டர் சொச்சம். கூப்பிடு தூரத்தில் ஒரு டவர் இருக்க, தென்னந்தோப்புகளைத் தாண்டி எங்கிருந்தோ வரும் செல்லைப் போன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தூரத்து செல் ஓவர்ஷூட் ஆகிறது, அதன் நெய்பர் பட்டியலில் 87 இல்லை என்று என் அறிக்கையில் எழுதினேன். முதலாவதை உறுதியாகச் சொல்வேன். இரண்டாவது ஊகம்தான். நெய்பர் இருந்தும் ஹேண்டோவர் தோற்றிருக்கலாம், அதே PCI வேறு இடத்திலும் இருந்து குழப்பியிருக்கலாம். போன் பக்கமிருந்து பார்க்கும் ஆளுக்கு இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. வைவாவில் இதைச் சொன்னபோது இரண்டு மதிப்பெண் குறைந்ததாக நினைக்கிறேன், பரவாயில்லை.

கடந்த ஜனவரியில் ஒருநாள் பாலத்தைத் தாண்டியும் அம்மா பேசிக்கொண்டே இருந்தார். மறுநாளும் அப்படியே. பதிவைப் பார்த்தால் பாலத்துக்கு முன்பே 87 வந்துவிடுகிறது, 214 பட்டியலிலேயே இல்லை. யாரோ ஒருவர் டில்டைக் கீழே இறக்கியிருக்கிறார், அல்லது பவரைக் குறைத்திருக்கிறார். நெய்பரையும் சேர்த்தாரா என்று இங்கிருந்து தெரியாது. அவர் எந்த அறிக்கையைப் பார்த்து அந்த செல்லைத் தேர்ந்தெடுத்தார், எத்தனை டிகிரி மாற்றினார், மாற்றியதால் தோப்புக்குள் இருக்கும் நாலு வீட்டுக்கு சிக்னல் இல்லாமல் போயிற்றா, அதை எப்படிச் சரிபார்த்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு விண்ணப்பிக்க முதல் காரணம் அதுதான்.

மறைக்க விரும்பாத ஒன்று: டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பாடத்தில் எனக்கு ஒரு அரியர் இருந்தது. ஸ்மித் சார்ட்டை மனப்பாடம் செய்து எழுதப் போய் மாட்டிக்கொண்டேன். அடுத்த விடுமுறையில் மீனம்பாக்கம் பிஎஸ்என்எல் பயிற்சி மையத்தில் இரண்டு வாரம் பயிற்சி பெற்றேன். அங்கே ஒரு ஜம்பர் கேபிளின் கனெக்டரை அரைச்சுற்று தளர்த்திவிட்டு VSWR எப்படி ஏறுகிறது என்று காட்டினார்கள். புத்தகத்தில் புரியாத பிரதிபலிப்பு அங்கேதான் புரிந்தது. அடுத்த முறை எழுதி 71 மதிப்பெண் வாங்கினேன்.

பைத்தானில் டிரைவ் டெஸ்ட் பதிவுகளைப் பிரித்து வரைபடத்தில் ஏற்றத் தெரியும். 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜிக்கு 900-ஐ விட வெட்டவெளியிலேயே சுமார் 12 டெசிபெல் கூடுதல் இழப்பு என்பது போன்ற கணக்குகளைக் கையால் போடத் தெரியும். நெட்வொர்க் பக்கத்து மென்பொருள்கள், கவுன்டர்கள், கேபிஐ அறிக்கைகள் எதையும் நான் தொட்டதில்லை. அவற்றை இங்கே வந்துதான் கற்க வேண்டும்.

பாராமீட்டர் மாற்றங்கள் நள்ளிரவுக்கு மேல்தான் நடக்கும் என்பது தெரியும். வீட்டில் பேசி ஒப்புதல் வாங்கிவிட்டேன். இருசக்கர வாகன, கார் ஓட்டுநர் உரிமங்கள் உள்ளன. வால்பாறை, உடுமலைப் பக்கம் அனுப்பினாலும் போகத் தயார். அந்த மலைச்சாலையில் எங்கெங்கே சிக்னல் போகும் என்பது ஓரளவு மனப்பாடம். ஜூலை 1 முதல் எப்போது வேண்டுமானாலும் பணியில் சேர முடியும்.

நேர்முகத் தேர்வுக்கு அழைத்தால் 23 பயணங்களின் மூலப் பதிவுகளையும் கொண்டு வருகிறேன். ஜனவரிக்கு முன்பும் பின்பும் எடுத்த வரைபடங்களை மட்டும் இத்துடன் வைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. நந்தினி

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல் நகல்கள், பயிற்சிச் சான்றிதழ், வரைபடங்கள் இரண்டு.